ஏழு வருஷமும் ஒரு நுரையீரலும்: ஒரு தனியுரிமை அறிவிப்பை வாசித்தல்

விருத்தாசலத்தில் செராமிக் பொருள் செய்கிற நிறுவனம் ஒன்று தன் ஊழியர்களுக்காகத் தமிழில் ஒரு தனியுரிமை அறிவிப்பு போட்டிருக்கிறது. இரண்டு பக்கம். பெயர் வேண்டாம். இதே வாசகங்களைச் சின்னச் சின்ன மாற்றத்தோடு பல கம்பெனிகளில் பார்க்கலாம், அதனால் இந்த ஒருவரை மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்பது நியாயமில்லை. ஆனால் அறிவிப்பை வரிவரியாக வாசிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அது வழக்கமான ஒரு ஐடி ஆபீஸுக்கு எழுதப்பட்ட மாதிரி இருக்கிறது. ஒட்டப்பட்டிருப்பதோ குவார்ட்ஸ் தூள் பறக்கிற இடத்தில்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் தெளிவாக இருக்கிறது. ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் இவற்றை எதற்கு வாங்குகிறோம் என்று சொல்கிறது. வேலைக்கு விண்ணப்பித்துத் தேர்வாகாதவர்களின் தாள்களை ஆறு மாதத்தில் அழித்துவிடுவோம் என்கிறது. இதெல்லாம் சரிதான். ஒருத்தருடைய ஆதார் நகல் பத்து வருஷம் ஒரு அலமாரியில் கிடக்க எந்தக் காரணமும் கிடையாது.

சிக்கல் அடுத்த பத்தியில் வருகிறது. பணியாளர் கோப்பு முழுவதும் ஒருவர் வேலையை விட்ட நாளிலிருந்து 7 ஆண்டுகள் வைத்திருக்கப்படும், பிறகு அழிக்கப்படும். கோப்பு என்றால் என்னென்ன? சம்பள விவரம், வருகைப் பதிவு, எந்தப் பிரிவில் வேலை, ஒழுங்கு நடவடிக்கை, மருத்துவப் பரிசோதனை. எல்லாம் ஒரே மூட்டை, எல்லாவற்றுக்கும் ஒரே கெடு.

சம்பளக் கணக்குக்கு ஏழு வருஷம் தாராளம். ஆனால் செராமிக் வேலையில் வருகிற நோய் ஏழு வருஷக் கணக்கில் வருவதில்லை. மின்காப்பானோ ஃபியூஸ் கட்டையோ பொம்மையோ, பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேரும். பால் மில்லில் மூட்டையைக் கொட்டும்போதும், காய்ந்த உருப்படியின் விளிம்பைச் சுரண்டித் தேய்க்கும்போதும், தரையைக் காய்ந்தபடி பெருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி மேலே எழும்பும். அது நுரையீரலின் ஆழத்தில் போய்த் தங்கித் தழும்பாக்குவதுதான் சிலிகோசிஸ். அதன் வழக்கமான வகை, தூசி பட ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் கழித்துத் தெரியும். வேலையை விட்ட பிறகும் நோய் நிற்காது. விட்டுப் பல வருஷம் கழித்து முதல் முறையாகத் தெரிவதும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருத்தர் 2004-ல் 22 வயதில் பால் மில் பிரிவில் சேருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் வேலையை விட்டு வேறு தொழிலுக்குப் போகிறார். இந்த அறிவிப்பின்படி அவருடைய கோப்பு 2026-ல் அழிக்கப்படும். 2030-ல் மூச்சு வாங்குகிறது, அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். நம் ஊரில் முதல் சந்தேகம் காசநோய்தான். இரண்டும் படத்தில் ஒன்றுபோலக் காட்டலாம். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: என்ன வேலை பார்த்தீர்கள், பழைய எக்ஸ்ரே இருக்கிறதா? இரண்டுக்கும் பதில் இருந்த கோப்பு நாலு வருஷம் முன்னால் போய்விட்டது.

பி.எஃப். கணக்கு இருக்கிறதே, இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கும். எந்தக் கம்பெனியில் எந்த மாதம் பணம் கட்டினார்கள் என்று அது சொல்லும். அவர் பால் மில்லில் நின்றாரா, பேக்கிங்கில் உட்கார்ந்திருந்தாரா என்று அது சொல்லாது. ஆனால் நஷ்டஈட்டுக்கு அதுதான் உயிர்நாடி. 1923-ம் வருஷத்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டமும், 1948-ன் இ.எஸ்.ஐ. சட்டமும் சிலிகோசிஸைத் தொழில்நோய்ப் பட்டியலின் மூன்றாவது பகுதியில் வைத்தன. அந்தப் பகுதி நோய்களுக்கு, குறிப்பிட்ட காலம் அந்த வகை வேலையைத் தொடர்ந்து செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதைக் காட்டுகிற காகிதம் கம்பெனியின் கையில். கம்பெனியே அழித்துவிட்டால் தொழிலாளியிடம் மிச்சம் இருப்பது வாய்வார்த்தை.

அப்படியானால் எத்தனை வருஷம்? இதற்கு நம் உச்ச நீதிமன்றமே ஒரு எண் சொல்லியிருக்கிறது. 1995 ஜனவரியில், நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அது ஆஸ்பெஸ்டாஸுக்கு மட்டும்தான், செராமிக்கை நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனால் காரணம் ஒன்றேதான்: தூசி உள்ளே போவது இன்றைக்கு, நோய் வெளியே வருவது இருபது வருஷம் கழித்து. நம் 2004 ஆளுக்கு அந்த அளவுகோலை வைத்தால் சேர்ந்ததிலிருந்து 40 என்பது 2044. விட்டதிலிருந்து 15 என்பது 2034. பிந்தியது 2044. அறிவிப்பு சொல்வதைவிட 18 வருஷம் அதிகம். பிரிட்டனில் இப்படிப்பட்ட உடல்நலப் பதிவுக்கு 40 வருஷம். அமெரிக்காவில் வேலைக்காலமும் அதற்குமேல் 30 வருஷமும்.

பொதுவாகத் தனியுரிமை பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் 'சீக்கிரம் அழி' என்பார்கள். நானும் பல விஷயத்தில் அந்தக் கட்சிதான். ஆனால் இங்கே சீக்கிரம் அழிப்பது யாருக்கு லாபம் என்று கேட்டுப் பார்த்தால் பதில் தலைகீழாக வருகிறது. தகவலைக் குறைவாக வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வது, இங்கே சாட்சியைக் குறைவாக வைத்திருப்பதில் போய் முடிகிறது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்லவில்லை. எங்கிருந்தோ எடுத்த மாதிரி வாசகத்தை அப்படியே ஒட்டினால் இதுதான் நடக்கும்.

இப்போது யார் பார்க்கலாம் என்ற பகுதி. மனிதவளப் பிரிவு, கணக்குப் பிரிவு, நிர்வாகம், மற்றும் 'தேவைப்படும் மேற்பார்வையாளர்கள்'. இதிலும் மூட்டைதான். சம்பளச் சீட்டைப் பார்க்கிற அதே ஆட்கள் எக்ஸ்ரே முடிவையும் பார்க்கலாம். சின்ன யூனிட்டில் மனிதவளப் பிரிவு என்பது ஒரு மேஜை. கணக்கும் அதே மேஜை. பல இடங்களில் முதலாளியின் சொந்தக்காரர். அங்கே 'நுரையீரலில் நிழல்' என்று ஒரு தாள் வந்தால் சாயங்காலத்துக்குள் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்குத் தெரியும், மறுநாள் காண்ட்ராக்டருக்குத் தெரியும், அடுத்த வாரம் 'நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுப்பா' என்று சொல்லிவிடுவார்கள். இது தெரிந்துதான் ஆட்கள் மெடிக்கல் கேம்ப் அன்றைக்கு லீவு போடுகிறார்கள். பார்க்கிறவர் பட்டியல் அகலமாக இருந்தால் பரிசோதனையே நடக்காது; பரிசோதனை நடக்கவில்லையென்றால் 40 வருஷம் வைத்திருக்க எதுவும் இருக்காது.

இதைப் பிரித்து வைக்க வழி இருக்கிறது. அமெரிக்காவின் சிலிக்கா விதியில் முழு அறிக்கை தொழிலாளிக்குப் போகும். முதலாளிக்குப் போகிற தாளில் பரிசோதனை தேதி, விதிப்படி நடந்தது என்ற குறிப்பு, முகக்கவசக் கருவி போட ஏதாவது தடை உண்டா என்பது போன்ற சொற்பம்தான். அதற்கு மேல் வேண்டுமானால் தொழிலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும். மேற்பார்வையாளருக்குத் தெரிய வேண்டியது 'இந்த வேலைக்குத் தகுதி உண்டா' என்பது மட்டும்தானே.

அறிவிப்பின் பட்டியலில் ஒரு ஆளை மட்டும் காணோம்: தொழிலாளி. தன் பதிவைத் தான் பார்க்கலாம் என்று எங்கேயும் இல்லை. இது சின்ன விடுபடல் அல்ல. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ல் சேர்த்த 41சி பிரிவு, அபாயகரமான செயல்முறை உள்ள இடங்களில் உடல்நலப் பதிவை ஒழுங்காக வைத்திருக்கவும் தொழிலாளி அதைப் பார்க்க வழிசெய்யவும் சொன்னது. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கண்ணாடியும் செராமிக்கும் இருந்தன. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்தக் கடமையைத் தொடர்கிறது. அது தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வருகிற யூனிட்டுக்குத்தான். மின்சாரம் உள்ள இடத்தில் முன்பு 10 பேர் என்றிருந்ததை இப்போது 20 ஆக்கிவிட்டார்கள். விருத்தாசலத்தில் ஐந்தாறு பேரோடு ஓடுகிற சின்னப் பட்டறைகள் அன்றும் இன்றும் வெளியேதான்.

புதிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2023) இதைச் சரிசெய்யாதா? அறிவிப்பும் தலைப்பிலேயே அந்தச் சட்டத்தைச் சொல்கிறது. வாசித்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். வேலை தொடர்பான காரியங்களுக்கு முதலாளி சம்மதம் இல்லாமலே தரவைக் கையாளலாம் என்று 7-ம் பிரிவு சொல்கிறது. என்ன தரவு வைத்திருக்கிறாய் என்று கேட்கிற உரிமையைத் தருகிற 11-ம் பிரிவு, சம்மதம் கொடுத்தவர்களுக்குத்தான். இரண்டையும் சேர்த்து வாசித்தால் தொழிலாளி கதவுக்கு வெளியே நிற்கிறார். போதாக்குறைக்கு இந்தச் சட்டம் டிஜிட்டலில் இருக்கிற தரவுக்கு மட்டும். நோட்டுப் புத்தகத்தில் எழுதிய வருகைப் பதிவை அது தொடாது. ஒன்று மட்டும் சாதகம்: வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் அழிக்க வேண்டியதில்லை என்று 8-ம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆகவே 'தரவுச் சட்டம் அழிக்கச் சொல்லுது சார்' என்கிற பதில் உடல்நலப் பதிவு விஷயத்தில் நிற்காது.

இன்னொரு ஓட்டை: அறிவிப்பு 'எங்கள் ஊழியர்கள்' என்று ஆரம்பிக்கிறது. மூட்டை இறக்குகிறவர், தரை பெருக்குகிறவர் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆள். தூசி அதிகம் தின்கிறவருக்குக் கோப்பே கிடையாது.

இதைத் திருத்த இருபது பக்கம் எழுத வேண்டியதில்லை. மூட்டையை இரண்டாகப் பிரித்தால் போதும். சம்பளமும் ஒழுங்கு நடவடிக்கையும் ஒரு கோப்பு. அதற்கு ஏழு வருஷம், பார்ப்பது அலுவலகம். பிரிவு, தேதி, தூசி அளவு, எக்ஸ்ரே இன்னொரு கோப்பு. காண்ட்ராக்ட் ஆளுக்கும் சேர்த்து. அதற்கு 40 வருஷம், பார்ப்பது மருத்துவரும் தொழிலாளியும். வேலையை விடுகிற அன்றைக்கு அந்த இரண்டாவது கோப்பின் நகல் ஒன்றை, எக்ஸ்ரேயோடு, அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். 40 வருஷம் எந்தக் கம்பெனி நிலைக்கும் என்று யாருக்குத் தெரியும்? கம்பெனி மூடினாலும் அவர் வீட்டுப் பரணில் ஒரு நகல் இருக்கும்.