வாழ்த்தில் விடுபட்ட அடிகள்

பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டபோது அதன் முகப்பில் தமிழ்த் தெய்வ வணக்கம் ஒன்றை வைத்தார். 1970-இல் தமிழ்நாட்டு அரசு அதன் தொடக்கத்தைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. அப்போது நடுவில் சில அடிகளை விட்டுவிட்டு முன்னையும் பின்னையும் ஒட்டவைத்தார்கள். தாய்மொழியைப் புகழும் பாட்டு பிறமொழியைத் தாழ்த்தாமல் எப்படி நிற்கும் என்று பார்க்க, மூலத்தையும் அரசு வடிவத்தையும் அருகருகே வைத்துப் படித்தாலே போதும்.

முதலில் எஞ்சியதைப் பார்ப்போம். நிலம் ஒரு பெண். கடல் அவள் உடை. பாரதக் கண்டம் அவள் முகம். தக்காணம் அந்த முகத்தின் பிறைநெற்றி, திராவிட நாடு அதில் இட்ட திலகம். அந்தத் திலகத்தின் மணமாக எங்கும் பரவுகிறாள் தமிழ். உலகில் தொடங்கி ஒரு பொட்டுக்குள் குறுகி, மணமாக மறுபடி உலகுக்கே விரிகிற நடை இது. இந்தப் பகுதியில் வேறொரு மொழியின் பேரே வரவில்லை. மணத்துக்கு எதிரி தேவையில்லை என்பதால் ஒப்பீட்டுக்கு இங்கே வேலையும் இல்லை.

விடுபட்ட அடிகளில் கதை மாறுகிறது. உலகங்களைப் படைத்து, காத்து, அழித்தாலும் மாறாதிருக்கும் பரம்பொருளைத் தமிழுக்கு உவமையாக்குகிறார் கவிஞர். அடுத்து, கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தமிழின் வயிற்றில் பிறந்தவை என்கிறார். அதன்பின், வடமொழியைப் போல உலக வழக்கிலிருந்து ஒழியாதவள் தமிழ் என்கிறார். ஒழிந்ததென்று ஒரு மொழியைச் சொல்வது பழிப்புத்தான். அதில் விவாதத்துக்கு இடமில்லை.

மகள்களைப் பற்றிய வரிதான் நுட்பமானது. அங்கே வசை ஏதுமில்லை. தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் அழகான அடைமொழிகள் கொடுத்திருக்கிறார். ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக வாழ்ந்தவருக்கு மலையாளத்தின் மேல் என்ன பகை? ஆனால் தாய், மகள் என்று உறவு வகுத்துவிட்டாலே மூப்பும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மகளென்று அழைக்கப்படுகிறவர் கேட்டு மகிழ்வாரா என்பது வேறு கேள்வி. இன்றைய மொழியியலும் இந்த உறவை ஏற்பதில்லை. தொல்திராவிடம் என்ற பொது மூலத்திலிருந்து கிளைத்தவை இவை என்பதே அதன் கணக்கு. மலையாளம் தமிழுக்கு மிக நெருங்கியது. தெலுங்கு வேறு கிளையைச் சேர்ந்தது.

வெட்டியதால் கவிதைக்கு இழப்பு இல்லாமல் இல்லை. மூலத்தில் தமிழின் இளமையைக் கண்டு வியப்பதற்குக் காரணம் இருந்தது: இத்தனை பெற்றும் மூப்படையவில்லை, வழக்கும் ஒழியவில்லை. அரசு வடிவத்தில் வியப்பு நேராக வந்துவிடுகிறது. ஏன் வியக்கிறோம் என்பது போய்விட்டது. ஆனாலும் நான் வெட்டியவர்கள் பக்கமே நிற்பேன். கன்னடமும் தெலுங்கும் வீட்டில் பேசுகிற குடிமக்கள் உள்ள மாநிலம் இது. அவர்களும் எழுந்து நின்று பாடவேண்டிய பாட்டு இது. நாடகத்தின் முகப்பில் ஒரு புலவர் வாதிடலாம், அரசு மேடையில் அந்த வாதத்தை எல்லோர் வாயிலும் வைக்க முடியாது. எம். எஸ். விசுவநாதனின் இசையில் மோகனத்தில் 55 நொடிகளுக்குள் முடிகிற அந்த வடிவமே 2021-இல் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது.

அண்டையில் தெலுங்குக்காரர்களின் வழி வேறு. சங்கரம்பாடி சுந்தராச்சாரி எழுதிய ‘மா தெலுகு தல்லிகி’ தாய்க்கு மல்லிகை மாலை சூட்டத் தொடங்கி, கோதாவரி, கிருஷ்ணை, அமராவதிச் சிற்பம், தியாகையரின் இசை, திக்கனரின் எழுத்து, ருத்ரம்மாவின் வீரம் என்று தன் வீட்டுச் சொத்தையே எண்ணிக்கொண்டு போகிறது. பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்க அதற்கு நேரமே இல்லை. பாரதியோ ஒப்பிடுகிறார், ஆனால் தாம் அறிந்த மொழிகளுக்குள் என்று எல்லை கட்டிக்கொண்டு, இனிமை என்ற தம் நாவின் தீர்ப்பைச் சொல்கிறார். பல மொழி கற்றவர் சொல்வதால் அது காதில் உறுத்துவதில்லை. ஒன்றும் கற்காதவர் அதையே மேடையில் முழங்கும்போதுதான் உறுத்துகிறது.

எல்லா வெட்டும் நல்ல வெட்டாகிவிடாது என்பதற்கும் இதே வாழ்த்தில் சான்று உண்டு. 2024 அக்டோபரில் சென்னைத் தூர்தர்ஷனில் இந்தி மாத விழாவில் இதைப் பாடியபோது தக்காணமும் திராவிட நாடும் வருகிற அடி விடுபட்டது. பெரும் சர்ச்சை எழுந்து, தூர்தர்ஷன் மன்னிப்புக் கேட்டது. அரசியலை ஒதுக்கிவிட்டு உவமையை மட்டும் பார்த்தாலும் பாட்டு அங்கே நொறுங்கிவிடுகிறது. நெற்றியும் திலகமும் அடுத்த அடியில் வருகின்றன; அவை எந்த நிலத்துக்கு உவமை என்று சொல்வது விடுபட்ட அடிதான். அது போனால் முகத்துக்குப் பின் யாருடையதென்று தெரியாத ஒரு நெற்றி, எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு மணம். 1970-இல் நீக்கிய அடிகளில் பிறமொழிகளைப் பற்றிய பேச்சு இருந்தது. இந்த அடியிலோ எந்த மொழியையும் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது.