நனைந்த நாட்குறிப்பும் ஒரு காற்புள்ளியும்

அஸ்தினாபுரத்தில் ஆறாம் வகுப்புக்காகக் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஒரு நாட்குறிப்பு, புள்ளியே இல்லாமல்:

“மழை பெய்தது குடை நோட்டு பை எல்லாம் நனைந்தன அழுதுகொண்டே ஓடிய தம்பியைப் பிடித்தேன் வீட்டுக்கு வா என்றேன்”

முதலில் வினைமுற்றுகளுக்கு அடிக்கோடு. பெய்தது, நனைந்தன, பிடித்தேன், என்றேன்: நான்கின் பின்னும் முற்றுப்புள்ளி. மூச்சு வாங்கும் இடத்தில் வை என்று சொன்னால், பிள்ளைகள் வரி முடியும் இடத்திலெல்லாம் வைத்துவிடுவார்கள். வினைமுற்றைத் தேடுவதே நல்ல வழி. ஆனால் ‘வா’ என்பதும் வினைமுற்றுதானே? அது ‘என்றேன்’ என்பதற்குள் அடங்கிவிட்டதால் அங்கே வாக்கியம் முடியவில்லை. இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும்.

அடுத்து காற்புள்ளி. குடை, நோட்டு, பை என்று அடுக்கும்போது அது வேண்டும். ‘குடையும் நோட்டும் பையும்’ என்றால் ‘உம்’மே பிரித்துவிடுகிறது, வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது தம்பி வரி. அழுதது யார்? குறியில்லாமல் படித்தால் தம்பி. “அழுதுகொண்டே, ஓடிய தம்பியைப் பிடித்தேன்” என்றால், அழுதது நாட்குறிப்பை எழுதியவள். இரண்டையும் உரக்கப் படிக்கச் சொன்னால் வகுப்பே இரண்டு கட்சியாகிவிடும். யார் அழுதார்கள் என்று எழுதியவளையே கேட்டு, அதன்பிறகு குறியை வைக்கலாம்.