பாக்கு நீரிணையைத் தாளில் வரைதல்

இரு நிலைத்த புள்ளிகளிலிருந்து சம தூரத்தில் இருக்குமாறு ஒரு புள்ளி இயங்கினால், அதன் ஒழுக்கு அவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டின் செங்குத்து இருசமகூறாக்கி. இலங்கையில் சாதாரண தரக் கணிதம் கற்கும் மாணவர்கள் இந்த வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் இதன் சுவை வாக்கியத்தில் இல்லை. கவராயமும் நேர்விளிம்பும் தாளைத் தொடும்போதுதான் அது தெரியவரும். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு இதற்கென்றே அமைந்ததுபோல ஒரு கணக்கு வடக்கே கடலில் கிடக்கிறது.

காங்கேசன்துறையிலிருந்து கோடிக்கரை வரை கடலுக்குக் குறுக்கே ஏறத்தாழ 30 கடல் மைல். ஒரு சென்ரிமீற்றருக்கு 5 கடல் மைல் என்று அளவிடை கொண்டால், தாளில் இரண்டுக்கும் இடையே 6 சென்ரிமீற்றர் வரும். காங்கேசன்துறையை A என்றும் கோடிக்கரையை B என்றும் குறிக்கலாம். கேள்வி இதுதான்: A இலிருந்து 20 கடல் மைலுக்குள்ளும், B ஐ விட A இற்குக் கிட்டவும் உள்ள கடற்பரப்பு எது?

கவராயத்தை 4 சென்ரிமீற்றருக்கு விரித்து, A ஐ மையமாக வைத்து AB இன் இருபுறமும் வில் வரைய வேண்டும். விரிப்பை மாற்றாமல் B இலிருந்தும் அதேபோல இரு விற்கள். வெட்டும் புள்ளிகள் இரண்டையும் A, B உடன் சேர்த்தால் நான்கு பக்கமும் 4 சென்ரிமீற்றரான ஒரு சாய்சதுரம் உருவாகும். சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் இருசமகூறிடும் என்பதால், வெட்டுப்புள்ளிகளை இணைக்கும் கோடு தேடிய ஒழுக்காகிறது. விரிப்பு 3 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தாலே போதும் என்பது விதி. ஆனால் 3.2 எடுத்தவரின் தாளைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அவருடைய விற்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். எந்த இடத்தில் வெட்டுகின்றன என்று பென்சில் முனையால் சொல்ல முடியாது. வெட்டுப்புள்ளிகளுக்கிடையே 2.2 சென்ரிமீற்றர்தான் இருப்பதால், கோட்டை நீட்ட நீட்டச் சிறு பிழையும் பெருகும். 4 எடுத்தால் இடைவெளி 5.3 சென்ரிமீற்றர், விற்கள் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வெட்டுவதால் புள்ளி கூர்மையாக விழும்.

இந்த 4 இல் இன்னொரு அழகும் உண்டு. 20 கடல் மைல் என்பது தாளில் அதே 4 சென்ரிமீற்றர். ஆகவே A இல் முதலில் வரைந்த விற்களைத் தொடர்ந்து சுற்றினால் கேள்வி கேட்ட வட்டமே வந்துவிடும். அந்த வட்டம் இருசமகூறாக்கியைச் சந்திக்கும் இடங்களும் ஏற்கெனவே குறித்த வெட்டுப்புள்ளிகள்தாம். கவராயத்தைத் திரும்பச் சரிசெய்யாமல் முடியும் அமைப்பு எப்போதும் சுத்தமாக இருக்கும். நல்ல கணக்கு ஆக்குபவர்கள் இப்படியான எண்களைத் தற்செயலாகத் தேர்வதில்லை.

அமைப்புக் கோடுகளை அழிறப்பரால் துடைத்துவிடும் மாணவர்கள் உண்டு. பிழை எங்கே நேர்ந்தது என்பதற்கான தடயமும் அதோடு அழிந்துபோகும். வரைந்த கோடு AB இற்குச் செங்குத்தாகவே இருந்து, நடுப்புள்ளியை மட்டும் தவறவிட்டால், கவராயத்தை A இலிருந்து B இற்கு மாற்றும்போது அதன் திருகு இளகியிருக்கிறது என்று அர்த்தம். B இல் விரிப்பு 4.2 ஆகியிருந்தால் கோடு ஏறத்தாழ 1.4 மில்லிமீற்றர் A பக்கம் நகரும், ஆனால் சாயாது. மேல் வெட்டுக்கும் கீழ் வெட்டுக்கும் ஒரே பிழை பொதுவாக இருப்பதே காரணம். கோடு சாய்ந்திருந்தால், ஒரு பக்கத்து விற்களுக்கும் மறுபக்கத்து விற்களுக்கும் இடையே விரிப்பு மாறியிருக்க வேண்டும். விற்கள் தாளில் இருந்தால் இதையெல்லாம் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

பிறகு நிழற்றுதல். எந்தப் பக்கம் என்று தடுமாறத் தேவையில்லை: A தனக்குத்தானே மிகக் கிட்ட இருக்கிறது, ஆகவே A இருக்கும் பக்கமே விடை. வட்டத்திலிருந்து கோட்டுக்கு அப்பால் விழும் துண்டை நீக்கிவிட்டு, கடலாக உள்ள மீதியை நிழற்றலாம். ‘கிட்டவும்’ என்றால் கோட்டின் மீதுள்ள புள்ளிகள் சேரா, அதனால் கோடு முறிகோடாக வரும். 20 கடல் மைலும் உட்பட்டதென்றால் வட்டம் முழுக்கோடாகும். ஒரே பிரதேசத்துக்கு இரு வகை விளிம்பு இருப்பது, கேள்வியைச் சொல்லுக்குச் சொல் வாசித்தவரின் அடையாளம்.

கணக்கு சுவைக்கத் தொடங்குவது மூன்றாவது புள்ளியில். தீவகத்தில் எழுவைதீவை C எனக் குறித்தால், அது தாளில் A இற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 3.2 சென்ரிமீற்றரில் விழும். மேற்கே போகப் போக, நடுக்கடலில் இருப்பவருக்கு இலங்கைப் பக்கத்தில் கிட்டிய நிலம் காங்கேசன்துறையாக இராது, எழுவைதீவாக மாறிவிடும். அந்த மாற்றம் நிகழும் இடத்தில் நடுக்கோடு திசை திரும்ப வேண்டும். BC இன் இருசமகூறாக்கியை வரைந்தால், அது AB இன் இருசமகூறாக்கியை A இலிருந்து ஏறத்தாழ 3.5 சென்ரிமீற்றர் தொலைவில் வெட்டும். AC இன் இருசமகூறாக்கியும் அதே புள்ளி வழியாகவே போகும். மூன்றும் ஒரு புள்ளியில் சந்திக்காவிட்டால் அமைப்பில் பிழை. ஆனால் அந்த மூன்றாவது கோடு எல்லையில் இடம்பெறாது. A உம் C உம் ஒரே கரையைச் சேர்ந்தவை. அவற்றுக்கிடையே பங்கு பிரிக்க ஒன்றுமில்லை. வரைந்து, சரிபார்த்து, விட்டுவிட வேண்டிய கோடு அது. மற்ற இரண்டிலும் பாதிப் பாதியே மிஞ்சும்: திரும்புமிடத்துக்குக் கிழக்கே AB உடையது, மேற்கே BC உடையது.

இந்தப் பயிற்சி கற்பனை அல்ல. பாக்கு நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரையான கடலில் இந்தியாவும் இலங்கையும் 1974 ஜூனில் உடன்பட்ட எல்லை, ஆறு புள்ளிகளை வரிசையாக இணைக்கும் விற்களால் ஆனது. முதற்புள்ளி வட அகலாங்கு 10 பாகை 5 கலை, கிழக்கு நெட்டாங்கு 80 பாகை 3 கலை. அதைத் தாளில் இட்டுப் பார்த்தால் காங்கேசன்துறைக் கரைக்கும் கோடிக்கரைக்கும் ஏறத்தாழ 16 கடல் மைல் என்று சமமாகவே வரும். மூன்று புள்ளிகளை வைத்துக் கண்ட திருப்புமிடமும், முதற்புள்ளியையும் இரண்டாம் புள்ளியையும் இணைக்கும் எல்லைக்கு ஓரிரு கடல் மைலுக்குள் விழுகிறது. ஒரு பள்ளிக்கூடக் கவராயத்துக்கு இது கெட்டிக்காரத்தனம்தான்.

எனினும் கவராயம் முழு வேலையையும் செய்துவிடாது. கரை என்பது மூன்று புள்ளிகளல்ல. நேரான ஒரு கரைக்கும் ஒரு முனைக்கும் சம தூரத்திலுள்ள புள்ளிகளின் ஒழுக்கு பரவளைவு. அதை ஒரே வீச்சில் கவராயத்தால் வரைய முடியாது, புள்ளி புள்ளியாகக் கண்டு கையால் இணைக்க வேண்டும். அது சாதாரண தரத்துக்கு அப்பாற்பட்டது. தெற்கே போனால் வேறொரு தடை: உடன்பாட்டின்படி எல்லை கச்சதீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் அப்பால் செல்கிறது. அந்த இடத்தை முடிவு செய்தது பேச்சுவார்த்தை; எந்தப் புள்ளிகளை மையமாக எடுத்து விற்களை வரைந்தாலும் அந்த ஒரு மைல் தானாக வந்து விழாது.