விலை முதல் வரியில்

சுங்குடிச் சேலை விற்கும் ஒருவரின் இன்ஸ்டாகிராம் பதிவுகள் எனக்கு மிகவும் பிடிக்கும். "மதுரை சுங்குடி, மெரூன், ரூ.950" என்றுதான் தொடங்குவார். 'மேலும்' என்று பதிவு மடங்குவதற்குள் தேவையானது கண்ணில் பட்டுவிடும். ஒரு வெற்று வரி விட்டு, விவரங்கள் வரிக்கு ஒன்றாக:

📏 நீளம்: 5.5 மீட்டர்
🚚 கூரியர்: ரூ.60

குறியோடு சொல்லையும் எழுதுகிறார் பாருங்கள், அங்கேதான் அவர் அக்கறை தெரிகிறது. பழைய போனில் எமோஜி வெறும் கட்டமாகத் தெரிந்தாலும் பொருள் போகாது. பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் எமோஜியின் பெயரையும் வாசிக்கும். வரிக்கு வரி பூ, தீ, நட்சத்திரம் என்று ஒட்டினால் அத்தனையும் கேட்டுத்தான் விலைக்கு வரவேண்டும். இவர் பதிவில் இரண்டே குறிகள்.