கிட்டம் சொல்லும் கணக்கு

சேலத்தை அடுத்த கஞ்சமலையின் பாறையில் இரும்புத்தாதான மாக்னடைட்டும் வெண்ணிறக் குவார்ட்ஸும் கலந்தே கிடக்கும். பழைய கொல்லர்கள் அதை உடைத்துப் பொடித்து, இலேசான குவார்ட்ஸைப் பிரித்துவிட்டுக் கனமான கருமணலை எடுத்தார்கள். களிமண் உலையில் கரியையும் கருமணலையும் மாறி மாறிப் போட்டு, தோல் துருத்திகளால் இடைவிடாமல் ஊதினார்கள்.

இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். அவர்கள் உலையின் வேலைக்குச் சுமார் 1200 டிகிரியே போதும். கரிப்புகை தாதிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, இரும்பு உருகாமலே கடற்பஞ்சு போன்ற கட்டியாகத் திரண்டது. மிஞ்சிய குவார்ட்ஸ், தாதின் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டு உருகிக் கிட்டமாக வழிந்தது. இரும்பின் ஒரு பகுதியை இழந்தால்தான் அழுக்கு பிரியும். அதனால்தான் கிட்டக்கல் கையில் அவ்வளவு கனக்கிறது.

கிட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் உலை வேலை செய்த விதம் தெரியும். மேலே கயிறு முறுக்கியதுபோல் வரிகள் இருந்தால், அது துளை வழியே வெளியே வழிந்து உறைந்தது. கரித்துண்டின் அச்சு பதிந்திருந்தால் உலைக்குள்ளேயே ஆறியது. சட்டியின் அடிபோல் வளைந்த சிறு கட்டி பெரும்பாலும் உருக்கும் உலையினுடையதல்ல, காய்ச்சி அடிக்கும் பட்டறையினுடையது. உள்ளே சிக்கிய கரித்துணுக்கைக் கொண்டு காலத்தையே கணிக்கலாம்.

எனவே, உழும்போது கொழுவில் கிட்டம் தட்டினால் வரப்போரம் வீசிவிடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துவைத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.