மூடிய டேப் திரும்பி வரும் நொடி

கல்வெட்டுத் தொகுதி ஒரு டேபில், அகராதி அடுத்ததில். Ctrl+Tab தட்டினால் அகராதி. Ctrl+Shift+Tab தட்டினால் மறுபடி கல்வெட்டு. மவுஸைத் தேடிக் கை நகர்வதே இல்லை. ‘இறையிலி’ என்ற சொல்லுக்குப் பொருள் பார்த்துவிட்டு வந்தால், விட்ட வரி விட்ட இடத்திலேயே இருக்கும். புதிதாக ஏதாவது தேட வேண்டுமா? Ctrl+L. முகவரிப் பட்டையில் இருப்பது மொத்தமும் நீலமாகத் தேர்வாகி நிற்கும்; அழிக்காமலே அதன்மேல் தட்டச்சு செய்யலாம். வெறும் Enter தட்டினால் கல்வெட்டுப் பக்கம் மறைந்துவிடும். Alt+Enter தட்டினால் தேடல் தனி டேபில் திறக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது Ctrl+Shift+T. அவசரத்தில் மூடிய டேப், பழைய இடத்திலேயே வந்து உட்காரும். பக்கம் மட்டுமல்ல, அதற்கு வந்த வழியும் கூடவே வரும்: Alt+இடது அம்பு தட்டினால் முந்தைய பக்கம், இன்னொரு தட்டுக்கு அதற்கும் முந்தையது. மறுபடி மறுபடி அழுத்தினால், கடைசியில் மூடியது முதலாவதாக ஒவ்வொன்றாகத் திறக்கும். பாதி நிரப்பிய படிவத்தின் எழுத்துகள் மட்டும் திரும்பும் என்று நம்ப முடியாது. குரோமின் இன்காக்னிடோ சாளரத்தில் மூடிய டேபும் இப்படித் திரும்பாது. அங்கே வேண்டிய முகவரியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.