அட்டவணையின் ஒற்றை வரி

டர்பைனை விட்டு வெளியேறும் நீராவியில் ஈரம் எவ்வளவு என்று தெர்மாமீட்டர் சொல்லாது. 0.1 பார் அழுத்தத்தில் ஈரநீராவி எவ்வளவு நனைந்திருந்தாலும் வெப்பநிலை 45.8 டிகிரிதான். அங்கேதான் நீராவி அட்டவணையின் அழகு எனக்குத் தெரிகிறது.

30 பார், 400 டிகிரியில் நுழையும் நீராவியின் என்தால்பி கிலோவுக்கு 3231 கிலோஜூல், என்ட்ரோபி 6.92. இழப்பே இல்லாத டர்பைனில் இந்த என்ட்ரோபி மாறாது. 0.1 பார் வரியில் விரலை வைத்தால் நீரின் என்ட்ரோபி 0.65, ஆவியாதலுக்கு 7.50. 6.92இல் 0.65ஐக் கழித்து 7.50ஆல் வகுத்தால் உலர்வுப் பின்னம் 0.836. அதே வரியில் நீரின் என்தால்பி 192. அதோடு, ஆவியாதலுக்குரிய 2392இல் 0.836 பங்கைக் கூட்டினால் 2192.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சுவையே இதற்கு அப்புறம்தான். டர்பைனின் திறன் 85 சதவீதம் என்றால், 1039 இறங்க வேண்டிய என்தால்பி 883 மட்டுமே இறங்கி 2348இல் நிற்கும். இப்போது இந்த என்தால்பியை வைத்துத் திரும்பக் கணக்கிட்டால் பின்னம் 0.90. உராய்வில் வீணான வேலை நீராவியையே உலர்த்தியிருக்கிறது! 16 சதவீத ஈரத்தின் துளிகள் கடைசி வரிசை பிளேடுகளின் முன்விளிம்பை அரித்துவிடும். 10 சதவீதம் என்றால் பெரும்பாலும் தாங்கும்.